அத்தை தன் படத்திலேயே தீபாவளிச் சேலையைக் கட்டிப் பார்த்தது

மன்னார்குடியில் இருக்கும் என் அத்தைக்கு 74 வயது. முழங்கால் வலி வந்த பிறகு ஜவுளிக்கடை மாடிப்படி அவருக்கு ஆகவில்லை. அவர் வழக்கமாகப் பட்டு எடுக்கும் கும்பகோணம் கடையில் இப்போது வாட்ஸாப்பிலேயே சேலைப் படம் அனுப்பிவிடுகிறார்கள். 2025 தீபாவளிக்கு மூன்று சேலை வந்தது: பச்சைக் கரை போட்ட அரக்கு, கத்தரிப்பூக் கரை போட்ட மாம்பழ மஞ்சள், ஒரு மயில்கழுத்து. "துணியாப் பாத்தா மூணும் நல்லாத்தான் இருக்கு தம்பி. எனக்கு எடுப்பா இருக்குமான்னுதான் தெரியல" என்றார். கடையில் என்றால் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்திருப்பார்.

அதற்கு முந்தைய மாதம்தான் தங்கள் படத்தை சேலைப் படமாக மாற்றிப் போடும் மோகம் எங்கும் பரவியிருந்தது. எங்கள் குடும்பக் குழுவிலும் நாலைந்து படங்கள் வந்தன. அத்தை கேட்டது சரியான கேள்வி: "அதுல எந்தச் சேலையோ வருதே, நான் வாங்கப்போற சேலை வருமா?" வரும். செயற்கை நுண்ணறிவால் படத்தைத் திருத்தும் செயலிகளில் இரண்டு படங்களைச் சேர்த்துக் கொடுக்கலாம். ஒன்று ஆளின் படம், இன்னொன்று துணியின் படம். நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன். அதனால் அத்தையே தனியாகச் செய்யும்படி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மூன்று நாள் ஆனது. அதில் பாதி நேரம் ஒரு நல்ல புகைப்படம் எடுப்பதற்கே போனது.

முதல் படத்தை அத்தை செல்ஃபியாக எடுத்து அனுப்பினார். நைட்டியில் இருந்தார், இடுப்புக்கு மேல்தான் தெரிந்தது. அதில் சேலையை ஏற்றினால் வந்தது வேறு யாரோ கட்டிய சேலை. மடிப்பு மடிப்பாகப் பின் குத்திய முந்தானை, மெலிந்த இடை, அதுவும் வலது தோளில். அத்தை உடனே பிடித்துவிட்டார்: "மூக்குத்தி இடப்பக்கம் இருக்கு பாரு." அவருக்கு வலது மூக்கில்தான் மூக்குத்தி. சில போன்களில் முன்பக்கக் கேமரா படத்தைக் கண்ணாடி போல இடம் வலம் மாற்றிச் சேமிக்கும். மூக்குத்தி மாறியிருந்தால் படம் திரும்பிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் முறை பக்கத்து வீட்டுப் பெண்ணை எடுக்கச் சொன்னோம். பின்பக்கக் கேமராவில், எட்டுப் பத்தடி தள்ளி நின்று, போனை அத்தையின் நெஞ்சு உயரத்தில் நேராகப் பிடித்து எடுக்க வேண்டும். கிட்டே நின்று மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் விழும், சேலையின் கரையும் அதே கோணலில்தான் வரும். இடம் வீட்டுத் திண்ணை, நேரம் காலை பத்து மணி. நேர் வெயில் படாத வெளிச்சம்தான் வேண்டும். கூடத்து விளக்கின் கீழ் எடுத்தால் தோல் மஞ்சளடித்து, எந்தச் சேலையையும் எடுப்பாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. தலை முதல் பாதம் வரை படத்துக்குள் இருக்கணும், கைகள் உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளி இருக்கணும்.

எல்லாவற்றையும் விட உதவியது ஒன்று. அத்தை ஏற்கெனவே சேலை கட்டிக்கொண்டு நின்றார். முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகும் அவருடைய கட்டு. நைட்டிப் படத்தில் செயலி ஒரு கட்டையே கற்பனை செய்தது. சேலைப் படத்தில் அது துணியை மட்டும் மாற்றினால் போதும், கொசுவமும் செருகலும் இருந்த இடத்திலேயே இருந்தன. அதற்கும் நல்லது, பூப்போடாத, கஞ்சி போடாத, ஒரே நிறச் சேலை. கஞ்சிச் சேலை விறைத்து நிற்பதால் பட்டும் அதே விறைப்போடு வரும்.

துணியின் படத்துக்கும் இதே கவனம் வேண்டும். கடைக்காரர் அனுப்பியது பொம்மைக்குக் கட்டிய சேலை. அதில் முந்தானை தெரியவில்லை. உடல், கரை, முந்தானை மூன்றும் தெரிய விரித்து, கடை வாசல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்து எடுத்து அனுப்பச் சொன்னோம். அந்தத் தாள் படத்தில் வெள்ளையாகவே இருந்தால் சேலை நிறத்தை நம்பலாம். நீலம் பாரித்தோ மஞ்சளாகவோ தெரிந்தால் சேலை நிறமும் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது.

இனி போன் வேலை. முதலில் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக்கினோம். அத்தையின் கேலரியில் காலை வணக்கப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடந்தன, அதில் தேடவே முடியாது. 'தீபாவளி' என்று ஓர் ஆல்பம் போட்டு, அவருடைய திண்ணைப் படத்தையும் மூன்று சேலைப் படங்களையும் மட்டும் அதில் வைத்தோம். செயலியைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டும்தான் இறக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். வாட்ஸாப்பில் வந்த இணைப்பைத் தொட்டு எதையும் நிறுவக்கூடாது.

தமிழில் தட்டச்சு செய்வது அத்தைக்குச் சிரமம். அதனால் சேலையை மாற்றச் சொல்லும் வரியை நானே எழுதி அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பி, நட்சத்திரம் போட்டு வைக்கச் சொன்னேன். அழுத்திப் பிடித்து, காப்பி எடுத்து, செயலியில் ஒட்டினால் போதும்:

```
முதல் படத்தில் இருப்பவரின் சேலையை மட்டும்
இரண்டாம் படத்தில் உள்ள சேலையாக மாற்று.
முகம், முடி, உடல் அளவு, சேலைக் கட்டு,
ரவிக்கை, பின்னணி எதையும் மாற்றாதே.
```

இரண்டாம் பாதிதான் இதில் முக்கியம். அதைச் சொல்லாமல் விட்டபோது முகச் சுருக்கம் மறைந்தது, நரை கறுத்தது, ரவிக்கைக்குப் புதுக் கை வந்தது. இளமையாக்கிய முகத்துக்கு எந்த நிறமும் பொருந்தும். அந்தப் படத்தை வைத்து அத்தை சேலை எடுத்தால் ஏமாந்துதான் போவார்.

சொல்லிக்கொடுத்தது வாட்ஸாப் வீடியோ அழைப்பில். அதில் திரையைப் பகிரும் வசதி இருப்பதால் அவர் விரல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் இதை வீட்டு ஆளிடம் மட்டும்தான் செய்ய வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லித் திரையைப் பகிரச் சொல்பவர்கள் ஓடிபியைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். அத்தை ஒவ்வொரு படியையும் பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டார். ஸ்கிரீன்ஷாட் அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். செயலி புதுப்பிக்கும்போது பொத்தான் இடம் மாறிவிடும் என்பதால் அதை விட்டுவிட்டு, இடத்தை வைத்துச் சொல்லாமல் உருவத்தை வைத்துச் சொன்னேன். கூட்டல் குறியைத் தொடு, தீபாவளி ஆல்பத்தைத் திற, முதலில் உன் படம், அப்புறம் சேலை, எழுத்தை ஒட்டு, அம்புக்குறியைத் தொடு, அரை நிமிஷம் காத்திரு. நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த நாள் தனியாகச் செய்து மூன்று படம் அனுப்பினார். அரக்கு நன்றாக இருந்தது. மஞ்சளில் முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. மயில்கழுத்தில் இருந்தது அத்தையே இல்லை, அவருடைய தூரத்துச் சொந்தம் மாதிரி ஒருவர். எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அரக்கு வந்ததும், அந்த வந்த படத்தின் மேலேயே மஞ்சளை ஏற்றியிருக்கிறார். அதன் மேல் மயில்கழுத்து. செயலி ஒவ்வொரு தடவையும் முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. முகம் ஒரு தடவை இம்மி மாறினால் அதன் மேல் இன்னொரு இம்மி. ஒவ்வொரு சேலைக்கும் புதிதாகத் தொடங்கி, திண்ணைப் படத்தையே திரும்பக் கொடுக்க வேண்டும். இதை நோட்டில் சிவப்பு மையில் எழுதச் சொன்னேன்.

சரி, வந்த நிறத்தை எவ்வளவு நம்பலாம்? இதற்கு அத்தையிடமே ஒரு வழி இருந்தது. பீரோவில் இருக்கும் ஓர் அரக்குப் பட்டைத் திண்ணையில் விரித்துப் படமெடுத்து, அதை அவர் படத்தில் ஏற்றினோம். அப்புறம் அதே சேலையை நிஜமாகவே கட்டிக்கொண்டு அதே திண்ணையில் நின்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறம் ஓரளவு ஒத்திருந்தது, செயலியின் அரக்கு கொஞ்சம் சிவப்புப் பக்கம் போயிருந்தது. கரைதான் ஏமாற்றியது. உடலும் கரையும் சேரும் இடத்தில் கோபுரம் கோபுரமாக வரும் வேலைப்பாடு நேர்கோடாகிவிட்டது. கரையின் அகலமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அன்றிலிருந்து, நிறம் முகத்துக்கு எப்படி இருக்கிறது என்பதற்கு மட்டும் இந்தப் படம், கரைக்கும் முந்தானைக்கும் கடைக்காரர் அனுப்பிய படம் என்று வைத்துக்கொண்டோம்.

எடை எந்தப் படத்திலும் தெரியாது. 74 வயதில் நாள் முழுக்கக் கட்டியிருக்க அதுதான் பெரிய விஷயம். கடையில் தராசில் வைத்துச் சொல்லச் சொன்னோம். மஞ்சள் 850 கிராம், மயில்கழுத்து 620. புதிதாகத் தொடங்கி எடுத்த படங்களில் இரண்டுமே அத்தைக்கு நன்றாக இருந்தன, மஞ்சள் ஒரு பிடி அதிகமாகவே. எடையைக் கேட்டதும் மயில்கழுத்தைச் சொல்லிவிட்டார். மஞ்சளைத் தன் மருமகளுக்கு எடுத்தார்.

சேலை வந்த அன்று திண்ணையில் பிரித்து வைத்துவிட்டு அழைத்தார். படத்தில் பார்த்ததை விட நீலம் தூக்கல் என்றார், ஆனால் பிடித்திருக்கிறது. பிறகு கேட்டார்: "மாமாவுக்கு வேட்டி சட்டை பார்க்கலாமா?" பார்க்கலாம். ஆனால் மாமா பேண்ட் போட்ட படத்தைக் கொடுத்தால் வேட்டியும் கால்சட்டை மாதிரி பிளந்து வரும், அவரும் வேட்டி கட்டித் திண்ணையில் நிற்கட்டும் என்றேன். நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். அதற்கு மேலே, நான் சொல்லாத ஒரு வரியை அவரே எழுதி வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார்: "படம் வந்ததும் முதலில் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று பார்."