நான்காவது சீட்டு

கல்லூரியின் கடைசிப் பருவத்தில் கிருஷ்ணகிரியில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். தர்மபுரியிலிருந்து தினமும் பேருந்தில் போய்வருவேன். எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஐந்து பேர். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் மாங்கூழ் தொழிற்சாலைகளும் மண்டிகளும்தான். மாம்பழப் பருவத்தில் அவர்களிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புகளை எடுப்பதே ஒருவருக்கு முழுநேர வேலையாக இருக்கும், அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

ஜூலை முதல் தேதி காலையில் ஒரு தொழிற்சாலையின் கணக்கர் அக்கா அழைத்தார். லாரியிலிருந்து காய் இறக்கும் ஆட்களுக்கு டன் கணக்கில் கூலி தருகிறார்கள். அன்றன்று இறங்கிய மொத்த எடையை எங்கள் நிரல்தான் கூட்டித் தருகிறது. கூலி குறைகிறது என்று மேஸ்திரி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. அவர் தன் சிறிய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நாள்வாரியாகக் காட்டியபிறகுதான் அக்காவுக்கும் சந்தேகம் வந்தது. "தம்பி, ஜூன் 12இல் இருந்து ஒரு நாள் விடாமல் குறையுது. ஆனால் ஒரே அளவில் இல்லை. ஒரு நாள் ரெண்டு டன், ஒரு நாள் ஆறு டன்" என்றார். விவசாயிகளுக்கும் வியாபாரிகளுக்கும் ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகப் பணம் போய்விடுவதால், மொத்தம் குறைந்தது இறக்கும் ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் உறைக்கவில்லை.

எடை மேடைக் கணினி ஒவ்வொரு நாள் முடிவிலும் அந்த நாளின் எடைச் சீட்டுகளை ஒரு சி.எஸ்.வி. கோப்பாக எழுதும். முதல் வரியில் தலைப்புகள் இருக்கும்; அதன்பின் ஒரு சீட்டுக்கு ஒரு வரி. சீட்டு எண், காய் வகை, பாரத்தோடு எடை, காலி வண்டி எடை, நிகர எடை என்ற வரிசையில் ஐந்து பத்திகள். இதைப் படித்து நிகர எடையைக் கூட்டுவது மட்டுமே எங்கள் நிரலின் வேலை. நடுப்பகுதி இதுதான்:

```python
total = 0
for i in range(1, len(rows) - 1):
    net = int(rows[i][4])
    total += net
```

இதைப் பார்த்தவுடன் பிழை தெரிந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான், ஆனால் தெரியவில்லை. வெறும் நான்கு வரி, இரண்டு ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் நிரல், எழுதியவர் எங்கள் அலுவலகத்தின் மூத்தவர். ஆகவே தவறு வேறெங்கோ இருக்கிறது என்று எனக்குள்ளேயே தீர்மானித்துக்கொண்டு, காலை முழுவதும் இரண்டு ஊகங்களின் பின்னால் அலைந்தேன். நள்ளிரவு தாண்டி வரும் லாரி மறுநாள் கோப்புக்குப் போய்விடுகிறதோ என்பது ஒன்று. அப்படியானால் இன்று குறைந்தது நாளை கூடியிருக்க வேண்டும், மேஸ்திரியின் நோட்டில் எந்த நாளும் கூடவில்லை. காலி வண்டி எடையை இரண்டு முறை கழிக்கிறோமோ என்பது மற்றொன்று. அதுவும் இல்லை, நிகர எடையை எடை மேடையே கணக்கிட்டுத் தந்துவிடுகிறது, நிரல் எதையும் கழிப்பதில்லை.

மதியத்துக்குமேல்தான் மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்கலாம் என்று சுழற்சிக்குள் ஒரு வரி சேர்த்தேன்:

```python
    print(i, rows[i][0], net, total)
```

அறுபதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் இருந்த கோப்பில் ஓட்டியதும் திரை வேகமாக உருண்டு நின்றது. மேலும் கீழும் நகர்த்தி, கண்ணில் பட்ட பத்துப் பதினைந்து வரிகளைக் கால்குலேட்டரில் சரிபார்த்தேன். எல்லாமே சரி. சீட்டு எண் சரி, நிகர எடை சரி, கூட்டலும் சரி. அச்சிட்டதெல்லாம் சரியாக இருக்கிறது, அப்படியானால் சுழற்சியில் குறையில்லை என்று முடிவு கட்டினேன். அன்றைக்கு நான் செய்த பெரிய தவறு இதுதான். சுழற்சிக்குள் இருக்கும் அச்சு வரி, சுழற்சி தொட்ட வரிகளைப் பற்றித்தான் பேசும். தொடாமல் விட்ட வரியைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது. நானோ இல்லாத ஒன்றை, இருப்பவற்றுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

மூத்தவர் தேநீர் குடிக்க எழுந்தபோது என் திரையை எட்டிப் பார்த்து, "இத்தனை வரியை வைத்துக்கொண்டு என்ன தெரியும்? கையால் கூட்டுகிற அளவுக்கு ஒரு சின்னக் கோப்பு செய்து அதில் ஓட்டிப் பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளின் முதல் நான்கு சீட்டுகளை மட்டும் தனியாக எடுத்தேன்:

```
slip,variety,gross,tare,net
101,Totapuri,8460,3120,5340
102,Totapuri,6210,2480,3730
103,Sendura,3950,1870,2080
104,Totapuri,7780,3050,4730
```

(கோப்பில் டோடாபுரி என்று இருப்பது எங்கள் ஊரில் பெங்களூரா. எடை மேடைக்காரருக்குக்கூட அந்தப் பெயரில் கேட்டால்தான் புரியும்.) கையால் கூட்டினால் 15,880 கிலோ வர வேண்டும். ஓட்டுவதற்கு முன் சுழற்சிக்கு வெளியே, அதன் மேலேயே, `print(len(rows))` என்று ஒரு வரியும் சேர்த்தேன். திரையில் வந்தது இவ்வளவுதான்:

```
5
1 101 5340 5340
2 102 3730 9070
3 103 2080 11150
```

நான்கு சீட்டுக்கு மூன்று வரி. 104ஆம் சீட்டு எங்குமே இல்லை. 15,880இலிருந்து 11,150ஐக் கழித்தால் 4,730. விடுபட்ட சீட்டின் நிகர எடை சரியாக அதுவே. குறையும் அளவு ஏன் நாளுக்கு நாள் மாறியது என்பதும் அந்த நொடியில் விளங்கிவிட்டது: ஒவ்வொரு நாளும் கடைசியாக வந்த லாரி எதுவோ, அதன் எடைதான் காணாமல் போயிருக்கிறது.

கோப்பில் தலைப்போடு சேர்த்து 5 வரிகள். பைத்தானில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் தலைப்பு 0, சீட்டுகள் 1 முதல் 4 வரை. `range(1, 5)` என்று எழுதினாலே 1, 2, 3, 4 என்றுதான் வரும், ஏனென்றால் `range` தனக்குக் கொடுத்த இரண்டாவது எண்ணுக்கு முந்தைய எண்ணோடு நின்றுவிடும். அதிலும் ஒன்றைக் குறைத்து `range(1, 4)` ஆக்கியதால் 3 உடன் நின்றுவிட்டது. பூஜ்யத்தில் தொடங்குவதற்காக ஒன்றைக் குறைக்க வேண்டும் என்று எழுதியவர் நினைத்திருப்பார், கடைசி எண்ணை `range` தானாகவே விட்டுவிடுவதை மறந்திருப்பார் என்று எனக்கு நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

`- 1` ஐ நீக்கினேன். 15,880 வந்தது. சற்றுப் பெருமிதத்தோடுதான் மூத்தவரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிரலைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஒன்றைக் குறைத்தது நான்தான். சும்மா குறைத்திருக்க மாட்டேன், ஆனால் எதற்கு என்று இப்போது நினைவில்லை. மே மாதக் கோப்பு ஒன்றை எடுத்து, உன் திருத்தத்தோடு ஓட்டிப் பார்" என்றார்.

மே மாதக் கோப்பில் மொத்தம் சரியாக இரண்டு மடங்காக வந்து நின்றது. இந்த முறை எனக்குப் பதற்றம் இல்லை. அச்சு வரி அப்படியே இருந்ததால் கடைசி வரியை மட்டும் பார்த்தேன். அதில் சீட்டு எண் இருக்க வேண்டிய இடத்தில் `TOTAL` என்று இருந்தது. பழைய கோப்புகளில் எடை மேடைக் கணினியே அன்றைய மொத்தத்தைக் கடைசி வரியாக எழுதியிருக்கிறது. அந்த வரியைத் தவிர்க்கத்தான் மூத்தவர் ஒன்றைக் குறைத்திருக்கிறார். அன்றைய நிலையில் அது முற்றிலும் சரி. அவரைப் பற்றி நான் சொல்லிக்கொண்ட விளக்கம்தான் தவறு.

அக்காவை அழைத்து, ஜூன் 12 வாக்கில் எடை மேடைக் கணினியில் ஏதாவது மாற்றினார்களா என்று கேட்டேன். பழுதாகிவிட்டதால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள். நிறுவ வந்தவர் மொத்த வரியை எழுதும் தேர்வை விட்டுவிட்டார். அன்றிலிருந்து கடைசி வரியில் மொத்தத்துக்குப் பதிலாக உண்மையான ஒரு சீட்டு வந்து உட்கார, எங்கள் நிரல் வழக்கம்போல் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. இந்த நாட்களில் ஒரே ஒரு லாரி வந்த நாள் உண்டா என்று கேட்டேன். என் கணக்குப்படி அன்று `range(1, 1)` ஆகி, சுழற்சி ஒரு முறைகூட ஓடியிருக்கக் கூடாது. அவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, பாய்லர் பழுதான நாளில் ஒரு லாரிதான் வந்தது, அறிக்கையில் பூஜ்யம் இருக்கிறது என்றார். "அன்னிக்கு வண்டியே வரலைன்னு நினைச்சு விட்டுட்டேன் தம்பி."

வரி எத்தனையாவது என்று எண்ணித் தவிர்ப்பதை விட்டுவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தவிர்க்கும்படி மாற்றினேன்:

```python
total = 0
count = 0
for row in rows[1:]:
    if row[0] == "TOTAL":
        continue
    total += int(row[4])
    count += 1
```

மொத்த வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது சரியாகக் கூட்டும். நாளைக்கு அவர்கள் அந்த வரிக்கு வேறு பெயர் வைத்தால் மறுபடியும் இரட்டிப்பாகிவிடும் என்பது எனக்குத் தெரியும், ஆனால் இரட்டிப்பானால் அன்றைக்கே யாராவது கூச்சலிடுவார்கள். `count` மூத்தவரின் யோசனை: அறிக்கையின் கீழே மொத்த எடையோடு சீட்டு எண்ணிக்கையும் அச்சாகிறது. மேஸ்திரிக்கு டன் கணக்கைச் சரிபார்ப்பது கடினம், எத்தனை வண்டி இறக்கினோம் என்பதோ அவர் நோட்டில் கோடு கோடாக இருக்கிறது.

சோதனைக்கு நான்கு கோப்புகள் வைத்துக்கொண்டேன்: மொத்த வரியோடு ஒன்று, அது இல்லாமல் ஒன்று, ஒரே சீட்டோடு ஒன்று, தலைப்பு மட்டும் இருப்பது ஒன்று. நான்கிலும் கையால் போட்ட கணக்கோடு பொருந்தியபிறகுதான் அச்சு வரிகளை நீக்கினேன்.

அடுத்த நாள் ஜூன் 12 முதல் 30 வரையிலான 19 கோப்புகளையும் மறுபடி ஓட்டி, ஒவ்வொரு நாளும் விடுபட்ட சீட்டை ஒரு தாளில் அச்சிட்டு அனுப்பினேன். மாலையில் அக்கா அழைத்தார். பத்தொன்பதும் மேஸ்திரியின் நோட்டோடு பொருந்தியது, ஒரு நாளைத் தவிர. அந்த நாளில் மேஸ்திரிதான் ஒரு கோடு குறைவாகப் போட்டிருந்தார்.