"சீக்கிரம் பார்க்கணும்"

இஷா தொழுகை முடிந்து வந்து, ஜமாஅத் கமிட்டிக் கூட்டக் குறிப்பை விரித்தேன். என் கையெழுத்திலேயே ஏழு பக்கம்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவும் தொட்டியான ஹவுளின் கசிவைப் பற்றி மட்டும் மூன்று பக்கம். அதில் "சீக்கிரம் பார்க்கணும்" என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறேன். யார் பார்ப்பது என்று ஓரிடத்திலும் இல்லை.

யார் என்ன சொன்னார், யார் கோபப்பட்டார் என்பதையெல்லாம் அடித்துவிட்டு, எல்லாரும் ஒத்துக்கொண்டதை மட்டும் வட்டமிட்டேன். மிஞ்சியது இரண்டு வரி.

"நோன்புக்கு முன்னாடி" என்றுதான் பேசியிருந்தார்கள். நோன்பு பிறையைப் பொறுத்தது, அதைக் கெடுவாக எழுத முடியாது. பொருளாளருக்குப் போன் போட்டேன்.

"பாய், உங்க பேர்ல போடலாமா? எந்தத் தேதி?"

கொஞ்சம் யோசித்து, "ஜனவரி 25 போடுங்க" என்றார்.

இப்படி எழுதினேன்:

தீர்மானம் 3: ஹவுளின் கசிவை அடைத்து, உள்பூச்சு புதிதாகப் பூசுவது. செலவு ரூ.18,000க்குள். பொறுப்பு: பொருளாளர். கெடு: ஜனவரி 25.

நோன்புக் கஞ்சி காய்ச்சப் புது தேக்சா வாங்குவது பற்றியும் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. முடிவு எட்டவில்லை. வாங்கலாம் என்றே எனக்கு ஆசை. ஆனாலும் "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்றுதான் எழுதினேன். எடுக்காத முடிவை மினிட்ஸில் ஏற்றினால், அடுத்த கூட்டத்தில் அதை வாசித்து உறுதிசெய்யும்போது யாராவது எழுந்து நிற்பார், அப்புறம் மற்றத் தீர்மானங்களையும் நம்ப மாட்டார்கள்.

ஏழு பக்கம் ஒன்றரைப் பக்கமானது. நாளை ஃபஜ்ருக்குப் பிறகு முத்தவல்லியிடம் கையெழுத்து வாங்கணும்.