எலிங்கம் வரைபடம்: முதல்ல எல்லாத்தையும் ஒரு மோல் O2-க்கு கொண்டு வாங்க

ரிசல்ட் வந்துருச்சு, கெமிஸ்ட்ரி நான் நெனச்சதுக்கு மேலயே வந்திருக்கு, இப்பதான் மூச்சே வருது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கத்துலேர்ந்து அடுத்த வருஷம் பப்ளிக் எழுதப் போற தம்பி தங்கச்சிங்க உலோகவியல்ல எலிங்கம் மட்டும் புரியலன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதுக்குத்தான் இது. எலிங்கம் வரைபடம்னா, ஒவ்வொரு ஆக்சைடும் உருவாகுறப்போ வர்ற கிப்ஸ் ஆற்றல் மாற்றம், அதாவது ΔG, வெப்பநிலையோட எப்படி மாறுதுன்னு கோடு கோடா காட்டுற படம்; கோடு எவ்வளவு கீழ இருக்கோ அந்த ஆக்சைடு அவ்வளவு நிலையானது. பயன்கள், வரம்புகள்னு மனப்பாடம் பண்ற ஆளுங்களுக்கு இது ஒத்து வராது, எனக்கு படம் வரைஞ்சு பாத்தாதான் ஏறும்.

எனக்கு மார்க் வாங்கிக் குடுத்தது ஒரே விஷயம். எந்த ஆக்சைடா இருந்தாலும் ஒரு மோல் ஆக்சிஜனுக்கு மாத்திட்டுதான் ஒப்பிடணும். இத எத்தன தடவ சொன்னாலும் தகும்.

298 கெல்வின்ல Fe2O3 உருவாகுற ΔG சுமார் -742 கிலோஜூல், ZnO-க்கு சுமார் -320. அப்படியே பாத்தா இரும்பு ஆக்சைடுதான் ரொம்ப நிலையானதுன்னு தோணும். ஆனா Fe2O3-ல இருக்குறது ஒன்றரை மோல் O2, ZnO-ல அரை மோல்தான். மாத்திப் பாருங்க:

Fe2O3: -742 × 2/3 = -495
ZnO: -320 × 2 = -640

ஆக துத்தநாகக் கோடுதான் கீழ இருக்கு, அதோட ஆக்சைடுதான் நிலையானது. நம்ம விசைப்படகுல அடிப்பக்கம் இரும்பு துருப்பிடிக்காம இருக்க ஜிங்க் கட்டி வச்சு முடுக்கியிருப்பாங்கல்ல, அது கரைஞ்சு இரும்பக் காப்பாத்தும். கடல் தண்ணிக்குள்ள நடக்குறது மின்வேதியியல், அதுக்கு வேற கணக்கு, ஆனா இரும்பவிட ஜிங்க் முந்திக்கிட்டு ஆக்சிஜனேற்றம் அடையுதுங்குறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

இப்ப அந்த ஜிங்கையே ஆக்சைடுலேர்ந்து எப்படி எடுக்குறதுன்னு பாப்போம், ஏன்னா இந்த ஒரு கேஸ் புரிஞ்சா பாதிப் பாடம் முடிஞ்சுது.

உலோகக் கோடெல்லாம் ஏன் மேல ஏறுது? வாயுவா இருந்த ஆக்சிஜன் திண்மத்துக்குள்ள போயிருது, என்ட்ரோபி குறையுது, ΔG = ΔH - TΔS-ல TΔS மைனஸா வருது, வெப்பநிலை கூடக் கூட ΔG-யோட மைனஸ் கொறஞ்சுக்கிட்டே போகுது. கார்பன் மட்டும் தலைகீழ்:

2C + O2 → 2CO

ஒரு மோல் வாயு போயி ரெண்டு மோல் வாயு வருது, என்ட்ரோபி கூடுது, அதனால கோடு கீழ இறங்குது. சூடு போதுமான அளவு ஏத்துனா இந்தக் கோடு எந்த உலோகக் கோட்டையும் ஒரு இடத்துல வெட்டியே தீரும். அந்த வெட்டுற புள்ளிக்கு மேல கார்பன் கோடு கீழ வந்துரும், கீழ இருக்குறது மேல இருக்குற ஆக்சைடை ஒடுக்கும்.

கார்பன் ZnO-வ ஒடுக்குமான்னு கணக்கா பாப்போம், எல்லாம் தோராயமா, ஒரு மோல் O2-க்கு.

1. 1000 கெல்வின்ல: ZnO -497, CO -399. -399 - (-497) = +98. பிளஸ், நடக்காது.
2. 1180 கெல்வின்ல ஜிங்க் கொதிக்குது. இதுக்கு மேல ஜிங்கும் வாயு, என்ட்ரோபி இன்னும் அதிகமா குறையும், கோட்டோட சரிவு திடீர்னு கூடி இன்னும் வேகமா மேல ஏறும். படம் வரையும்போது இந்த முறிவ கண்டிப்பா காட்டுங்க.
3. சுமார் 1220 கெல்வின்ல ரெண்டு கோடும் வெட்டும்.
4. 1300 கெல்வின்ல: ZnO -406, CO -451. வித்தியாசம் -45, நடக்கும்.

அப்புறம் ஏன் கோக் போட்டு 1673 கெல்வின் வரைக்கும் கொண்டு போறாங்கன்னு படிக்கிறோம்னு கேப்பீங்க. வரைபடம் நடக்குமா நடக்காதான்னு மட்டும்தான் சொல்லும், எவ்வளவு வேகமா நடக்கும்னு சொல்லாது. வரம்புகள் கேள்விக்கு முதல் பாயிண்ட்டே இதுதான். ரெண்டாவது, எல்லாம் சமநிலையில இருக்குன்னு வச்சுக்கிட்டுதான் கோடு போட்டிருக்கு, நிஜ உலையில எப்பவும் அப்படி இருக்காது.

ஜிங்க் ஆவியாத்தான் வெளிய வரும், அதுதான் இதுல வர்ற சிக்கல். கூட CO2-வும் இருந்தா, மெதுவா ஆற விட்டா ஜிங்க் திரும்ப அந்த ஆக்சிஜன புடிச்சுக்கும்:

Zn + CO2 → ZnO + CO

வெப்பநிலை குறையக் குறைய ஜிங்க் கோடு திரும்ப கீழ போயிருதுல்ல, அதான் காரணம். வெள்ளையா ZnO தூள் படிஞ்சா இது நடந்திருக்குன்னு அர்த்தம். அதனால ஆவிய சட்டுன்னு குளிர வைக்கணும், ஜிங்க் ஊதுலையில உருகுன ஈயத்த சாரலா தெளிச்சு அந்த ஆவிய அதுலயே கரைச்சுப் புடிக்கிறாங்க.

Al2O3-க்கு மட்டும் கார்பன் ஏன் போடலன்னு கேட்டா, வெட்டுற புள்ளி 2000 கெல்வினுக்கும் மேல, அந்தச் சூட்டுல அலுமினியம் கார்பைடும் சேந்து உருவாகும், அதனாலதான் மின்னாற்பகுப்பு. இத ரெண்டு வரியில எழுதுனா போதும். அஞ்சு மார்க் கேள்விக்கு படம் போட்டு, y அச்சுல ΔG பக்கத்துல "ஒரு மோல் O2-க்கு"ன்னு எழுத மறந்துராதீங்க.