சீனத் தொழிற்சாலைக்கு முதல் மின்னஞ்சல்: திருப்பூரிலிருந்து சில நாட்குறிப்புகள்

மே 8

குவாங்சோ கண்காட்சியில் சந்தித்த ஜிப் தொழிற்சாலைக்காரருக்கு முதல் மின்னஞ்சலை எழுத வேண்டும். குறிப்புகளை வழக்கம்போல் தமிழில் எழுதினேன். எங்கள் அரை ஜிப் டி-சர்ட்டுகளுக்கு 5-ஆம் எண் நைலான் ஜிப், 20 செ.மீ. நீளம், மூன்று நிறங்களில் மாதிரி, குறைந்தபட்ச ஆர்டர் அளவு ஆகியவை வேண்டும். விலை பேரம் முதல் மடலில் வேண்டாம் என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

முதல் வரியில்தான் நின்றுவிட்டேன். நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாததால், 'திரு. முருகன் அவர்கள்' என்று இயற்பெயரைச் சொல்வதே மரியாதை. சீனத்தில் இயற்பெயர் நெருங்கியவர்களுக்கானது. குடும்பப் பெயரோடு பதவியைச் சேர்த்து அழைப்பதுதான் மரியாதை. 'கலெக்டர் ஐயா', 'தலைமையாசிரியர் ஐயா' என்று பதவியாலேயே விளிக்கும் நமக்கு அது அந்நியமானதன்று.

மே 9

அவருடைய விசிட்டிங் கார்டின் ஆங்கிலப் பக்கத்தில் பெயரின் வரிசையைத் திருப்பி அச்சிட்டிருந்தார்கள். சீனப் பக்கத்தில் மூன்று எழுத்துகள் இருந்தன. அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், பெரும்பாலும் அது ஓரெழுத்தாகவே இருக்கும். அதைக் கொண்டு சரிபார்த்தபின்தான் ஆங்கிலப் பக்கத்தில் கடைசியில் இருந்ததே குடும்பப் பெயர் என்பது உறுதியானது. இங்கே அவரை 'வாங்' என்று மாற்றிக் குறிப்பிடுகிறேன்.

அவருடைய பதவி துணைப் பொது மேலாளர். நேர்ப்பேச்சில் 'துணை' என்பதை விட்டுவிட்டு மேல்பதவியாலேயே அழைப்பது அங்கே வழக்கம். கண்காட்சியில் அவருடைய ஊழியர்களும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் என் மடல் பொது மேலாளரின் பார்வைக்கும் போகக்கூடும் என்பதால், எழுத்தில் கார்டில் உள்ள பதவியையே முழுமையாக எழுதுவது எனத் தீர்மானித்தேன்.

```
Dear Deputy General Manager Wang,
```

ஆங்கிலேயர் காதுக்கு இது சற்று விறைப்பாக ஒலிக்கலாம். இந்த மடலுக்கு அந்த விறைப்பு தேவை என்றே நினைக்கிறேன்.

மே 10

பொது மேலாளருக்கு நகல் அனுப்பலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். என்னோடு பேசியவர் வாங். அவரைக் கேட்காமல் மேலே உள்ளவரையும் சேர்த்தால், அவரைத் தாண்டிப் போவதுபோல் அவருக்குத் தோன்றலாம். எனவே அவருக்கு மட்டுமே அனுப்பி, பொது மேலாளருக்கு என் வணக்கத்தைத் தெரிவிக்குமாறு இறுதியில் ஒரு வரி சேர்த்தேன். யார் எழுதுகிறார் என்பது அவர்களுக்கும் முக்கியம் என்பதால், கையொப்பத்தில் என் பெயருக்குக் கீழே 'நிர்வாகப் பங்குதாரர்' என்ற பதவியை ஆங்கிலத்தில் எழுதினேன். இனிஷியல் என் தந்தையின் பெயர் என்பதையும், என்னை எந்தப் பெயரால் அழைக்கலாம் என்பதையும் ஒரே வாக்கியத்தில் விளக்கினேன்.

மே 13

பதில் வந்தது. எழுதியவர் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருக்கும் விற்பனைப் பிரிவுப் பெண். நகலில் வாங் இருந்தார். மாதிரிகளை அனுப்ப அந்தப் பெண் முகவரி கேட்டிருந்தார். அவர் கையொப்பமிட்ட அதே ஆங்கிலப் பெயரால் அவரை விளித்து, வாங்கை நகலில் வைத்து, மாதிரிக்கு ஏற்பாடு செய்ததற்காகத் துணைப் பொது மேலாளருக்கு நன்றி என்று பதவியைச் சொல்லியே ஒரு வரி எழுதி, முகவரியை அனுப்பிவிட்டேன்.