பரங்கிமலை எபிசோடு: முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் மூன்று வாரம்

என் பாட்காஸ்டில் பேசுவது நான் ஒருத்திதான். எதிரே கேள்வி கேட்க ஆள் இல்லை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ கேட்பவர்கள். அதனால் இந்த முறை, பரங்கிமலை எபிசோடின் முதல் அரை நிமிடத்தையும் கடைசி அரை நிமிடத்தையும் மின்சார ரயிலில் கேட்டுப் பார்த்தே எழுதுவது என்று முடிவு செய்தேன். நடுவில் உள்ள பகுதி இரண்டு நாளில் முடிந்துவிட்டது. இந்த இரண்டு ஓரங்களுக்கும் மூன்று வாரம் ஆனது.

விஷயம் இதுதான். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைக்குப் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு, நில அளவைக்கு அடிப்படையாக ஒரு நேர்கோடு போட்டு அளந்தார். 100 அடி எஃகுச் சங்கிலியைக் கிட்டத்தட்ட 400 தடவை நீட்டி வைத்து அளந்த கோடு அது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வளர்ந்த அளவைதான் பிறகு இமயமலை வரை போனது. எனக்கு மிகவும் பிடித்த கதை. குரோம்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கத்துக்குத் தினமும் போகும் என் தங்கை அந்த இடத்தை ஒட்டித்தான் போகிறாள். அவளைத்தான் கேட்க வைத்தேன். இறங்கியதும், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

முதலில் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது:

"1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் தேதி, பரங்கிமலை அடிவாரத்தில், ஆங்கிலேயப் படை அதிகாரியான வில்லியம் லாம்டன் என்பவர், நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியால் தரையை அளக்கத் தொடங்கினார்."

தாளில் படிக்கும்போது குறையே தெரியவில்லை. தங்கை திருப்பிச் சொன்னது: "யாரோ ஒருத்தர் சங்கிலிய வச்சு என்னமோ பண்ணாரு." வருடம் போச்சு, பெயர் போச்சு. காரணம் கேட்டேன். பட்டனை அழுத்தி, போனைப் பைக்குள் போட்டு, காதில் இயர்போனைச் சரிசெய்து, பிடித்துக்கொள்ள கம்பி தேடும் நேரத்தில்தான் என் முதல் வரி ஓடியிருக்கிறது. அந்த ஐந்தாறு விநாடியில் நான் வருடம், தேதி, பெயர் எல்லாவற்றையும் கொட்டியிருந்தேன். அது போக, வாக்கியம் கடைசி வரை வினைக்காகக் காத்திருக்க வைக்கிறது. கண்ணால் படிப்பவர் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்வார். ரயிலில் நிற்பவருக்கு அந்த வசதி இல்லை.

இரண்டாவது முறை, சின்னச் சின்ன வாக்கியமாக, பேச்சுத் தமிழில் எழுதினேன்:

"பரங்கிமலைக்கு ஒருத்தர் வந்தாரு. மலையேற வரலை. சாமி கும்பிட வரலை. தரைய அளக்க வந்தாரு."

இதை எழுதியபோது ரொம்பத் திருப்தியாக இருந்தது. ஆனால் தங்கை சொன்னாள்: "சாமி கும்பிட வந்த ஒருத்தர், அப்புறம் தரையையும் அளந்திருக்காரு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் நானே அதே ரயிலில் அந்தப் பதிவைக் கேட்டேன். பழவந்தாங்கலில் வண்டி கிளம்பி வேகமெடுக்கும்போது மோட்டார் சத்தம் ஏறுகிறது. அந்த நேரத்தில் "சாமி கும்பிட வர..." வரைதான் காதில் விழுகிறது. "லை" முழுகிப் போகிறது.

இது என் குரலின் பிரச்சினை மட்டும் இல்லை. பேசும்போது வாக்கிய முடிவில் நம் எல்லோருக்கும் குரல் இறங்கும். தமிழில் வினை அங்கேதான் இருக்கிறது. இல்லை என்பதும் அந்த வினையின் வாலில்தான் இருக்கிறது. வால் போனால் அர்த்தமே தலைகீழாகிவிடும். அமைதியான அறையில் இது தெரியவே தெரியாது. அதனால் தொடக்க வரிகளில் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கடைசி அசை காதில் விழாவிட்டாலும் பொருள் மாறக் கூடாது. எதிர்மறை தேவைப்பட்டால் அது வாக்கியத்தின் நடுவில் வரட்டும், அதற்குப் பின்னால் அதைத் தாங்கிப் பிடிக்க வேறு சொல் இருக்கட்டும்.

இப்போது இருக்கும் தொடக்கம்:

"வணக்கம். கெளம்பியாச்சா? சரி, மெதுவா ஆரம்பிப்போம். நம்ம பரங்கிமலைக்குப் பக்கத்துல, ஒருத்தர் தரைய அளந்தாரு. சங்கிலி போட்டு அளந்தாரு, நூறடிச் சங்கிலி. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, கிட்டத்தட்ட நானூறு தடவை. அவர் பேரு லாம்டன். வில்லியம் லாம்டன். இருநூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதை இது."

முதல் மூன்று துண்டிலும் விஷயம் எதுவும் கிடையாது. அது போனைப் பைக்குள் போடுவதற்கான நேரம். பெயர் இரண்டு தடவை வருகிறது, அதுவும் சங்கிலி மனதில் பதிந்த பிறகு. 1802 என்ற எண்ணைத் தொடக்கத்திலிருந்து எடுத்து, நான்காவது நிமிடத்துக்குத் தள்ளிவிட்டேன். தங்கை இந்த முறை மலை, சங்கிலி, நானூறு, லாம்டன் நான்கையும் சொன்னாள்.

"சன்னல் வழியா பாருங்க, அதோ மலை" என்று ஒரு வரி வைக்க ஆசையாக இருந்தது. எடுத்துவிட்டேன். கேட்பவர் பேருந்தில் இருக்கலாம், காரை ஓட்டிக்கொண்டிருக்கலாம். ஓட்டுபவரின் கண்ணை நான் இழுக்கக் கூடாது. அதே காரணத்துக்காகத் தொடக்கத்தில் சேர்த்திருந்த ரயில் ஹாரன் ஒலியையும் நீக்கினேன்.

முடிவுக்கு வருகிறேன். பழைய முடிவு முக்கால் நிமிடம் ஓடும்: நன்றி, பகிருங்கள், கீழே உள்ள இணைப்பை அழுத்துங்கள், அடுத்த வாரம் சந்திப்போம். ஒரு கை கம்பியிலும் ஒரு கை பையிலும் இருப்பவர் எதை அழுத்துவார்? அதைக் குறைப்பது எளிது. எனக்குத் தெரியாமல் இருந்தது வேறொன்று. எபிசோடு 26 நிமிடம். நுங்கம்பாக்கம் வரும்போது தங்கைக்கு இன்னும் மூன்று நான்கு நிமிடம் பாக்கி இருந்தது. மீதியை அவள் சாயங்காலம் திரும்பும்போதுதான் கேட்டாள். இடையில் ஒன்பது மணி நேரம்!

அதாவது, முடிவு அவளுக்கு முடிவாக வரவே இல்லை, புதிதாக ஒன்று தொடங்குவது போலத்தான் வந்திருக்கிறது. அதில் நான் "அவர் அன்று தொடங்கியது அங்கே போய் முடிந்தது" என்று எழுதியிருந்தேன். எவர், எது, எங்கே? காலையில் கேட்டதெல்லாம் அலுவலகத்தில் கரைந்த பிறகு இந்தச் சுட்டுச் சொற்களுக்குப் பிடிமானமே இல்லை. கடைசி மூன்று நிமிடத்தில் "அவர்", "அது" வரும் இடத்திலெல்லாம் பெயரையே போட்டேன். கடைசி வரிகளில் புதுத் தகவல் எதையும் வைக்கவில்லை. இமயமலைப் பகுதியை 20-வது நிமிடத்துக்கு முன்னுக்குக் கொண்டுவந்தேன், இறங்கிப் போகிறவருக்கும் அது கிடைத்துவிடும்.

இப்போதைய முடிவு:

"லாம்டனோட கதை இவ்வளவுதான். பரங்கிமலைப் பக்கம், நூறடிச் சங்கிலி, நானூறு தடவை. அடுத்த வாரம் கூவம் ஆத்தைப் பத்திப் பேசலாம். பாத்துப் போயிட்டு வாங்க."

பதினைந்து விநாடிக்குள் முடிகிறது. "வாங்க" என்பதில் குரலை இறக்கி, ஒரு மூச்சு இடைவெளி விட்டு, பிறகுதான் இசை மெல்ல வருகிறது. முன்பு இசை சட்டென்று உரக்க வந்து காதில் அடித்தது என்று தங்கை சொல்லியிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பேருந்தில் கேட்டுப் பார்க்கப் போகிறேன். அங்கே மோட்டார் சத்தத்தோடு நடத்துநரின் விசிலும் சேரும். விசிலின் கூர்மையில் "சங்கிலி"யின் "ச" என்ன ஆகிறது என்று கேட்க வேண்டும்.