அரைச் சதத்துக்கு யார் அனுமதி?

"இரண்டில் எது பிழை, தம்பி?" என்று அக்கா கேட்டபோது, இரண்டும் சரிதான் என்று சொன்னேன். அப்படியென்றால் திரையில் ஏன் சிவப்பில் "பொருந்தவில்லை" என்று வருகிறது என்று அடுத்த கேள்வி வந்தது. கணக்குப் பிரிவில் நரை கண்டவர் அவர். சம்பளப் பட்டியலின் கூட்டுத்தொகை 6,482,317.40. வங்கிக்குப் போகும் கோப்பின் கூட்டுத்தொகையும் 6,482,317.40. இரண்டும் ஒன்றே என்று கண்ணுக்குத் தெரிகிறது, இல்லை என்கிறது இயந்திரம். மாத இறுதியில் கொள்ளுப்பிட்டியில் எந்த அலுவலகத்திலும் இதைப் பொறுமையாக விளக்க நேரம் கிடைக்காது.

திரை இரண்டு தசமத்தோடு நிறுத்திக்கொள்கிறது. உள்ளே இருப்பதை முழுவதும் அச்சிட்டால் ஒன்று 6482317.4, மற்றது 6482317.399999999. இது திருட்டும் அல்ல, தட்டச்சுப் பிழையும் அல்ல. கணினி தசமத் தொகைகளை வைக்கும் சாதாரண வடிவமான மிதவை எண், பின்னங்களை அரை, கால், அரைக்கால் என்று இரண்டின் அடுக்குகளாகவே வைத்திருக்கிறது. பத்தில் ஒன்றை அப்படி முடிவுற எழுத முடியாது, மூன்றில் ஒன்றைத் தசமத்தில் எழுத முடியாததைப் போல. 1985இல் வந்த ஐஇஇஇ 754 தரத்தின்படி 53 இரும இலக்கங்களுக்குள் அடக்கி, மிச்சத்தை மட்டப்படுத்த வேண்டியிருக்கிறது. அதனால் பத்துச் சதம் என்று நாம் நினைப்பது உள்ளே 0.1000000000000000055 என்று தொடங்கும் வேறொரு எண். ஒரு ரூபாய்க்குள் வரக்கூடிய நூறு சதத் தொகைகளில் அச்சொட்டாகச் சேமிக்கப்படுபவை நான்கு மட்டுமே: சுழியம், 25, 50, 75. மற்ற 96உம் கிட்டத்தட்டதான்.

அக்காவுக்கு இதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "இரண்டு பட்டியலிலும் அதே ஆட்கள், அதே சம்பளம். கிட்டத்தட்ட என்றாலும் இரண்டும் ஒரே கிட்டத்தட்டவாக அல்லவா இருக்க வேண்டும்?" என்றார். நல்ல கேள்வி. எங்கள் துறையிலேயே பலர் கேட்காத கேள்வி. சம்பளப் பட்டியல் பிரிவு வாரியாகக் கூட்டுகிறது, வங்கிக் கோப்பு ஊழியர் இலக்க வரிசையில் கூட்டுகிறது. ஒவ்வொரு கூட்டலுக்குப் பிறகும் விடை மறுபடி மட்டப்படுத்தப்படுவதால், எதை முதலில் கூட்டுகிறோம் என்பது விடையைத் தொடுகிறது. அவர் முன்னாலேயே தட்டிக் காட்டினேன்:

```python
>>> (0.1 + 0.2) + 0.3
0.6000000000000001
>>> 0.1 + (0.2 + 0.3)
0.6
```

அவர் நம்பவில்லை. எக்செல்லில் இரண்டு நிரல்களையும் ஒட்டிப் பார்த்து, "இங்கே வித்தியாசம் சுழியம்" என்றார். எக்செல் 15 இலக்கங்களுக்கு மேல் காட்டாது, கழித்தலில் இப்படிப்பட்ட தூசி மிஞ்சினால் சில இடங்களில் தானாகவே சுழியமாக்கியும் விடுகிறது. `=0.5-0.4-0.1` என்று கொடுத்தால் 0 வரும். அதையே `=1*(0.5-0.4-0.1)` என்று அடைப்புக்குள் வைத்தால் -2.78E-17 எட்டிப் பார்க்கும். இந்த ஒப்பனையை நான் ஒருபோதும் விரும்பியதில்லை. ஆனால் அன்று நான் செய்யப்போனதும் கிட்டத்தட்ட அதுவே.

இரண்டும் சமமா என்று கேட்பதை விட்டு, அவற்றின் வித்தியாசம் அரைச் சதத்துக்குக் குறைவா என்று கேட்கும்படி செய்நிரலை மாற்றினேன்:

```python
abs(a - b) < 0.005
```

அரைச் சதம் கைபோன போக்கில் எடுத்த அளவு அல்ல. ஒவ்வொரு வரியும் ஏற்கெனவே முழுச் சதத்துக்கு மட்டப்படுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே உண்மையான பண வித்தியாசம் இருந்தால் அது குறைந்தது ஒரு சதமாவது இருக்கும். மறுபக்கம், அறுபது எழுபது இலட்சம் அளவில் அடுத்தடுத்த இரண்டு மிதவை எண்களுக்கு இடையேயான இடைவெளி ஒரு ரூபாயின் நூறு கோடியில் ஒரு பங்குதான். நானூறு கூட்டல்களின் பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தாலும் அரைச் சதத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கூட எட்டாது. இந்த எல்லை உடைய வேண்டுமானால் கூட்டுத்தொகை ஆயிரக்கணக்கான கோடிக்கு ஏற வேண்டும். இணையத்தில் பலர் பரிந்துரைப்பது போல 2.2E-16 என்ற இயந்திர எப்சிலனைப் போட்டிருந்தால் சிவப்பு மறைந்திருக்காது. அது ஒன்றுக்கு அருகில் உள்ள இடைவெளி, இலட்சங்களில் அதற்கு வேலையில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: "சரி. அரைச் சதத்தை விட்டுவிடலாம் என்று உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

அது பணமே இல்லை என்றேன். "பணமில்லாததை ஏன் கணக்கில் வைத்திருக்கிறீர்கள்?" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கணக்கில் ஒரு வித்தியாசத்தை விடுவதென்றால் ஒருவர் கையொப்பமிட வேண்டும், இன்ன காரணத்துக்காக என்று எழுத வேண்டும் என்றார். செய்நிரலுக்குள் ஓர் எண்ணாக அது கிடந்தால் யார் பார்ப்பார்கள்?

அந்தக் கேள்வியைப் பலமுறை என் பக்கம் சாய்த்துப் பார்த்திருக்கிறேன். தரவுத்தளத்தில் தொகை நிரலையே தசம வகைக்கு மாற்றுவதுதான் முறையான வழி என்பது அன்றும் எனக்குத் தெரியும். ஆனால் அதைத் தொட்டால் பழைய அறிக்கைகள் அத்தனையையும் தொட வேண்டும், மறுநாள் சம்பளம் போக வேண்டும். எல்லாவற்றையும் சதமாக மாற்றி முழு எண்ணாக வைத்தால் தீர்ந்தது என்பார்கள். அந்த மாற்றத்திலும் பள்ளம் இருக்கிறது. 19.99ஐ நூறால் பெருக்கினால் 1998.9999999999998 வரும். மட்டப்படுத்தாமல் முழு எண்ணாக வெட்டினால் 1998, ஒரு சதம் உண்மையிலேயே காணாமல் போய்விடும். அவசரத்தில் அதைச் செய்வதைவிட அரைச் சத எல்லை பாதுகாப்பானது. இதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. ஐயம் வருவது வேறிடத்தில்.

அக்கா ஓய்வு பெற்றுச் சென்ற பிறகு ஒருநாள் அதே கோப்பைத் திறந்தேன். 0.005 இருந்த இடத்தில் 1.00 இருந்தது. ஊழியர் சேமலாப நிதிக்கான ஒப்பீட்டில் மறுபடி சிவப்பு வந்திருக்கிறது, யாரோ எல்லையை ஒரு ரூபாயாக்கிவிட்டார். அந்தச் சிவப்பு தூசியால் வந்தது அல்ல. 48,312.57 சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஊழியரின் 8 சதவீதம் 3,865.01, முதலாளியின் 12 சதவீதம் 5,797.51, கூட்டினால் 9,662.52. மொத்தமாக 20 சதவீதம் போட்டு மட்டப்படுத்தினால் 9,662.51. இது இருமத்தின் வேலை இல்லை. காகிதத்தில் பென்சிலால் போட்டாலும் இதே ஒரு சதம் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் அரைச் சதம் அங்கே இருந்தது.

அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லலாம், சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அங்கே சமக்குறி இருந்திருந்தால் அதை ஒரு ரூபாயாக நீட்டும் எண்ணம் ஒருவருக்கும் வந்திராது. நீட்டக்கூடிய ஓர் எண் இருந்ததால்தான் நீட்டினார்கள். அப்படியானால் அக்கா சொன்னது சரியா? சமக்குறி இருந்தால் ஒவ்வொரு மாதமும் பொய்ச் சிவப்பு வந்திருக்கும், பிறகு சிவப்பையே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் எனக்குப் பேசத் தெரிகிறது, அதுதான் தொல்லை.

எல்லையைத் திரும்ப 0.005 ஆக்கி, ஏன் அந்த அளவு என்று மேலே இரண்டு வரி எழுதி வைத்தேன். அடுத்த சம்பளத்தில் சிவப்பு வந்தது. தனித்தனியாக மட்டப்படுத்துவதா, மொத்தமாகவா என்று கேட்டுக் கணக்குப் பிரிவுக்கு அந்த 48,312.57 வரியோடு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். இப்போது அங்கிருப்பவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு சதத்துக்காகவா?" என்றார். ஆம் என்றேன்.