தட்கல் நேரத்தில் தடம் மாறிய கம்ப்யூட்டர்கள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நான் சிஸ்டம் அட்மினாகச் சேர்ந்தபோது, விதி ஒற்றை வரியில் இருந்தது: ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை எதுவும் கூடாது. பேங்க், ரயில் டிக்கெட், சொந்த மெயில் எல்லாவற்றையும் ஃபயர்வாலில் அடைத்து வைத்திருந்தார்கள். அதனால் நெட்வொர்க் பத்திரமாக இருக்கிறது என்று முதலாளியும் நம்பினார்.

ஆன்டிவைரஸ் கன்சோல் வேறு கதை சொன்னது. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கடைசியாக எந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து பேசியது என்பது அதில் பதிவாகும். எல்லாமே ஆபீஸ் லீஸ்டு லைனின் ஐபியைத்தான் காட்ட வேண்டும். ஆனால் காலை 10 மணிக்கு மேல் அக்கவுண்ட்ஸ் பக்கம் சில கம்ப்யூட்டர்கள் மட்டும் மொபைல் கம்பெனி ஐபியைக் காட்டும். மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும். ஏசி வகுப்புக்கு 10 மணிக்கும் மற்ற வகுப்புகளுக்கு 11 மணிக்கும் தட்கல் திறக்கும் என்பது நினைவுக்கு வந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. ஒரு கம்ப்யூட்டரில் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். `Remote NDIS based Internet Sharing Device` என்று இருந்தது. போனைக் கேபிளில் செருகி அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் வருகிற பெயர் அது.

"ஊர்ல அம்மாவை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு தம்பி. போன்ல கேப்சா அடிக்கறதுக்குள்ள டிக்கெட் போயிடுதுங்க" என்றார் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் அக்கா. அவர் சொன்னதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை.

ஆபத்து டிக்கெட்டில் இல்லை. கேபிள் செருகியிருக்கும் நேரத்தில் அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு நெட்வொர்க்கில் நிற்கிறது. ஒரு பக்கம் சம்பளக் கணக்கும் பையர் இன்வாய்ஸும் இருக்கிற ஷேர்டு ஃபோல்டர். மறுபக்கம் ஃபயர்வால் பார்க்காத இன்டர்நெட். அந்த வழியாக ஒரு கெட்ட ஃபைல் இறங்கினால் ஃபயர்வால் லாகில் ஒரு வரிகூட விழாது.

அதனால் விதியை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் பேசினேன். பேங்க், டிக்கெட், கரண்ட் பில், பள்ளிக் கட்டணம், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் ஆகியவற்றை வேலை கெடாத அளவுக்கு ஆபீஸ் லைனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினோம். அதைத் திறந்துவிட்ட பிறகுதான், போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற டெதரிங்குக்கான டிரைவர் ஏறாதபடி, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் தடுத்தோம். ஏற்கெனவே ஏறிய டிரைவருக்கும் தடை செல்லும்படி அதில் தனியாக ஒரு டிக் போட வேண்டும். அதை விட்டுவிட்டால், முன்பு போன் செருகிய கம்ப்யூட்டர்களில் தடை வேலை செய்யாது.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. குரோமில் சொந்த ஜிமெயிலைப் போட்டு சிங்க் செய்வதற்கு அனுமதி கிடையாது. சொந்த மெயில் படிப்பது வேறு, பிரவுசரையே அந்தக் கணக்கோடு இணைப்பது வேறு. இணைத்துவிட்டால், இங்கே சேமிக்கும் ஆபீஸ் பாஸ்வேர்டு அந்தக் கணக்குக்கும் போய்விடும். 2022-ல் சிஸ்கோ நிறுவனத்துக்குள் தாக்குதல்காரர்கள் நுழைந்தது இப்படித்தான். ஒரு ஊழியரின் சொந்த கூகுள் கணக்கைப் பிடித்தார்கள்; அதில் சிங்க் ஆகியிருந்த கம்பெனி பாஸ்வேர்டு கிடைத்தது. அவ்வளவு பெரிய நெட்வொர்க் நிறுவனத்துக்கே நடந்தது. `SyncDisabled` பாலிசியை எல்லாக் கம்ப்யூட்டருக்கும் போட்டேன்.

அதிகம் வாதாட வேண்டியிருந்தது கண்காணிப்பைப் பற்றித்தான். எங்கள் ஃபயர்வால் பூட்டுக் குறி போட்ட தளங்களையும் பிரித்துப் பார்க்கும். அதற்கான சான்றிதழ் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்றப்பட்டிருந்தது. ஊழியர்களுக்கு அது தெரியாது. பூட்டைப் பார்த்ததும் தானும் பேங்கும் மட்டும்தான் என்று நினைப்பார்கள். பேங்க், மருத்துவத் தளங்களை மட்டும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே விடும்படி மாற்றினேன். மற்றபடி எதைப் பார்க்கிறோம், லாக் எத்தனை நாள் இருக்கும், யார் எழுதிக் கேட்டால் திறப்போம் என்பதைத் தமிழில் அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்தோம். சொல்லிவிட்டால் ஜாக்கிரதையாகிவிடுவார்களே என்றார் மேனேஜர். ஜாக்கிரதையாவதுதானே நமக்கு வேண்டும் என்றேன். 2017-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ருமேனிய ஊழியர் ஒருவரின் வழக்கில் இதையே பார்த்தது. சொந்த உபயோகம் கூடாது என்று கம்பெனி விதி சொன்னது, அவருக்கும் அது தெரியும். ஆனாலும் செய்திகளின் உள்ளடக்கம் வரை பார்ப்போம் என்று முன்கூட்டிச் சொல்லாததையும் கணக்கில் எடுத்து, அவருடைய அந்தரங்க உரிமை காக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது.

இன்னும் சரியாகாதது வாட்ஸ்அப் வெப். மெர்ச்சண்டைசர்களுக்கு பையர்கள் அளவுச் சார்ட்டையே அதில்தான் அனுப்புகிறார்கள், அடைத்தால் ஆர்டர் நிற்கும். அந்த டீமுக்கு மட்டும் கம்பெனி நம்பரும் கம்பெனி போனும் கொடுத்து, சொந்த நம்பரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் இணைக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சிம் கார்டுக்கான செலவை முதலாளி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.